பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா? வாடிக்கையாளர் தரவின் பரீட்சார்த்தப் பிரதி பற்றி

வரக்காப்பொலவுக்கு அருகே ஓர் இறப்பர் தோட்டத்தின் லயத்தில் என் பெரியம்மா இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலையில் அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூன்று தவணை நிலுவையில் இருக்கிறது, ஏழு நாட்களுக்குள் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது. அவர் அந்தக் கடனை முந்திய ஆண்டே கட்டி முடித்திருந்தார். அன்றைக்குப் பால் வெட்டப் போகாமல் பஸ் ஏறிக் கிளைக்குப் போனார். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒரு நிலுவையும் இல்லையே அம்மா என்றார். ஒரு நாள் பேர் போனதுதான் மிச்சம்.

மாலையில் எனக்கு அழைத்து, "நீ கம்ப்யூட்டர் வேலைதானே தம்பி செய்யிற, இது எங்கேயிருந்து வந்திச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்தக் கடன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிய குழுவில் நானும் ஒருவன். நினைவூட்டல் அனுப்பும் பகுதியை நாங்கள் புதிதாக எழுதி, உண்மையான வாடிக்கையாளர் தரவுத்தளத்தின் ஒரு பிரதியை வைத்துப் பரீட்சித்துப் பார்த்திருந்தோம். பிரதியில் இருந்த தொலைபேசி இலக்கங்கள் உண்மையானவை. குறுஞ்செய்தி அனுப்பும் இணைப்பும் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிரதியை ஆள் அடையாளம் இல்லாததாக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அழித்துவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் தொடங்கினேன். அது எவ்வளவு பிழையான எண்ணம் என்பதையும், சரியாகச் செய்வதானால் எப்படிச் செய்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன். கடன், காப்புறுதி, மருத்துவமனை, நிவாரணப் பதிவு என்று நம் விவரங்கள் எத்தனையோ தரவுத்தளங்களில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இப்படியொரு பிரதி எங்கோ இருக்கிறது.

பிரதி ஏன் தேவைப்படுகிறது

மென்பொருள் எழுதுபவருக்கு உண்மையைப் போன்ற தரவு வேண்டும். "டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு" என்று பெயரிட்ட நூறு பொய்யான ஆட்களை வைத்துப் பரீட்சித்தால் மென்பொருள் நன்றாகத்தான் ஓடும். பிறகு உண்மையான மக்களிடம் போய் உடையும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகள் வரை கொள்ளும். அதில் ஒரேயொரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் எல்லை 70 ஆகக் குறைந்துவிடும். அதோடு "கோ" என்பது கணினிக்கு ஓர் எழுத்தல்ல, இரண்டு. நீண்ட தமிழ்ப் பெயர் ஒன்று நினைவூட்டலுக்குள் வந்தால் செய்தி இரண்டாக உடையும், கட்டணமும் இரட்டிப்பாகும். பொய்ப்பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் இந்தப் பிழை கடைசிவரை கண்ணில் படாது.

ஆகவே பிரதி உண்மையைப் போல நடந்துகொள்ள வேண்டும், ஆனால் அதிலிருந்து எந்த ஆளையும் கண்டுபிடிக்க முடியாமலும் இருக்க வேண்டும். இவை ஒன்றையொன்று இழுக்கும் தேவைகள். ஒவ்வொரு விவரத்திலும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் வேலையே.

பெயர் இல்லாமலே ஆளைப் பிடிக்கலாம்

1990களில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் அரச ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதித் தரவு, பெயர்களை நீக்கிய பின் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிறந்த திகதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அதில் விடப்பட்டிருந்தன. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் கேம்பிரிட்ஜ் நகரில் வசிப்பதை அறிந்து, அந்நகரின் வாக்காளர் பட்டியலை 20 டொலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த திகதியைக் கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவர் ஆண்கள். அந்த மூவரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவரே. அப்படி ஆளுநரின் மருத்துவப் பதிவு அவர் கைக்கு வந்தது.

பட்டியல்களை வைத்து ஆளைத் தேடுவது என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு அமெரிக்காவிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்று பல சாட்சியங்கள் பதிவாகியுள்ளன. அந்த இடாப்பு வாக்களிப்பதற்காக எழுதப்பட்டது. ஒரு காரியத்துக்காகச் சேர்த்த விவரம் வேறொரு காரியத்துக்குப் போவதற்கு, அதை எழுதியவரின் கெட்ட எண்ணம் தேவையில்லை. பிரதி ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தாலே போதும்.

அடையாள அட்டை இலக்கம் ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு

எங்கள் முதல் பிரதியில் பெயரையும் முகவரியையும் தொலைபேசியையும் அழித்தோம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், அது வெறும் இலக்கம்தானே என்று. இலங்கையில் அது வெறும் இலக்கமல்ல. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்பவை, பெண்ணானால் அதனுடன் 500 கூடும். கடைசியில் V என்றிருந்தால் வாக்குரிமை உள்ளவர், X என்றிருந்தால் இல்லாதவர். பிரஜாவுரிமைக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த தோட்ட மக்களுக்கு அந்த ஓர் எழுத்தின் பாரம் தெரியும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகியது, எழுத்து போய்விட்டது. நாளும் பாலும் அப்படியே இருக்கின்றன.

1965 ஜூலை 14இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இவர் நான் கற்பனை செய்தவர். ஜூன் முடிவு வரை 182 நாட்கள், அத்துடன் 14 சேர்த்தால் 196, பெண் என்பதால் 696. பழைய இலக்கம் 65696 என்று தொடங்கும். பதிவில் கிளை வரக்காப்பொல, மொழி தமிழ் என்றும் இருந்தால், ஆளுநர் வெல்டைக் காட்டிக்கொடுத்த மூன்று விவரங்களும் இங்கே சேர்ந்துவிட்டன, நான்காவதாக இனமும் சேர்ந்திருக்கிறது. சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் ஊரில் அந்தத் திகதியில் பிறந்த தமிழ்ப் பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? தோட்டத்துக் கங்காணி விரல் விடாமலே சொல்லிவிடுவார்.

இலக்கத்தை ஹாஷ் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஹாஷ் என்பது எந்த எழுத்துத் தொடரையும் பின்னோக்கிப் படிக்க முடியாத நீண்ட குறியாக மாற்றும் கணக்கு. குறியிலிருந்து இலக்கத்துக்குத் திரும்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திரும்பவே வேண்டியதில்லை. சாத்தியமான எல்லா இலக்கங்களையும் முன்னோக்கி ஹாஷ் செய்து ஒப்பிட்டால் போதும். நூறு ஆண்டுகள், ஆண்டுக்கு இரு பாலாருக்கும் சேர்த்து 732 நாள் எண்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரும் நான்கு இலக்கங்களுக்குப் பத்தாயிரம் வழிகள். மொத்தம் 73 கோடி 20 இலட்சம், எழுத்து இரண்டு வகை என்பதால் அதன் இரு மடங்கு. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு அது சில நிமிட வேலை. சாத்தியங்கள் இவ்வளவு குறைவாக உள்ள எதையும் வெறும் ஹாஷ் மறைக்காது. தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதைதான்.

பொய்யான ஆளை முழுதாகப் பிறப்பித்தல்

நாங்கள் கடைசியில் செய்தது இது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பொய்யான பிறந்த திகதி, பெயர், வாடிக்கையாளர் இலக்கம் ஆகியவற்றை எழுந்தமானமாக உருவாக்கி, பழைய ஆள், புதிய ஆள் என்று இணைக்கும் தற்காலிக அட்டவணை ஒன்றை அமைத்தோம். எல்லா அட்டவணைகளிலும் அந்த ஆள் வரும் இடமெல்லாம் புதியவரை இட்டோம். நுண்கடனில் இது முக்கியம். குழுவில் ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்பார். ஒரே பெண் ஓரிடத்தில் கடன் பெற்றவராகவும் வேறிடத்தில் பிணையாளியாகவும் வருவார். இரண்டு இடத்திலும் அவருக்கு வெவ்வேறு பொய்ப்பெயர் விழுந்தால் மென்பொருள் குழம்பும். ஓரிடத்தில் மட்டும் மாற்ற மறந்தால் உண்மைப் பெயர் அங்கிருந்து வெளியே வரும்.

வேலை முடிந்ததும் அந்தத் தற்காலிக அட்டவணையை அழிக்க வேண்டும். அது இருக்கும்வரை பிரதியிலிருந்து உண்மையான ஆளுக்குத் திரும்பும் வழியும் இருக்கிறது. அதுவரை நடந்திருப்பது பெயர் மாற்றம் மட்டுமே, அடையாள நீக்கம் அல்ல.

அடையாள அட்டை இலக்கம் பொய்யான பிறந்த திகதியோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் மென்பொருளே அதை ஏற்காது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டுகளிலும் 29 நாட்கள். 1965 லீப் ஆண்டல்ல என்பதால் கணினியின் நாட்காட்டி ஜூலை 14ஐ 195ஆவது நாள் என்று சொல்லும், அட்டையில் இருப்பதோ 196. மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த பலருக்கு இலக்கம் ஒரு நாள் பிழைத்துப் போயிருந்ததைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தோம். மாதத்தையும் நாளையும் எடுத்து, 2000ஆம் ஆண்டு என்ற லீப் ஆண்டில் வைத்து எண்ணினால் சரியாகிவிடும்.

```sql
SELECT extract(doy FROM make_date(2000,
         extract(month FROM dob)::int,
         extract(day FROM dob)::int))
     + CASE WHEN sex = 'F' THEN 500 ELSE 0 END
FROM customer_test;
```

கடன் கொடுத்த திகதி, தவணைத் திகதி ஆகியவற்றையும் அப்படியே விடக்கூடாது. எந்த நாளில் எவ்வளவு கடன் எடுத்தார் என்பது அயலவருக்குத் தெரிந்த விடயம். ஆனால் திகதிகளைத் தனித்தனியாகக் குலைத்தால் நிலுவைக் கணக்கே பொய்யாகிவிடும். எனவே எல்லாத் திகதிகளையும் சேர்த்து முன்னோ பின்னோ நகர்த்தினோம். நகர்த்தும் நாட்கள் ஏழின் மடங்காக இருந்ததால், செவ்வாய்க்கிழமை கூடும் குழு பிரதியிலும் செவ்வாய்க்கிழமையே கூடியது. நகர்வை ஆளுக்கு ஒன்றாக வைக்காமல் குழுவுக்கு ஒன்றாக வைத்தோம், இல்லையென்றால் ஒரே குழுவினர் வெவ்வேறு வாரங்களில் கூடுவது போலாகும். தொகைகளை அருகிலுள்ள ஆயிரத்துக்கு மாற்றினோம்.

பெயர்களை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு குவியலிலிருந்து எடுத்தோம். தமிழ், சிங்களப் பெயர்களின் விகிதமும் நீளமும் மொத்தத்தில் உண்மையைப் போலவே இருந்தன. ஆனால் எந்தப் பெயர் யாருக்கு விழுகிறது என்பதற்கும் அவருடைய உண்மையான இனத்துக்கும் தொடர்பில்லை. தமிழருக்குத் தமிழ்ப் பெயர்தான் என்று விதி வைத்தால், பெயரைப் பொய்யாக்கிய பின்னும் இனம் உண்மையாகவே நிற்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம் பற்றிய விவரத்தை விசேட வகையில் வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

குறிப்புப் பகுதி

நான் மிகவும் பயந்த இடம் "குறிப்புகள்" என்ற நிரல்தான். வெளிக்கள உத்தியோகத்தர்கள் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் எழுதும் இடம் அது. அதில் வரக்கூடிய ஒரு வரியை நானே இட்டுக்கட்டிச் சொல்கிறேன்: "கணவர் காணாமல் போனவர், இவர் 2009இல் அம்பேபுஸ்ஸவில் இருந்தவர், மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார்." அம்பேபுஸ்ஸ வரக்காப்பொலவுக்குப் பக்கத்து ஊர். வெளியூர்க்காரருக்கு அது கொழும்பு கண்டி வீதியில் தேநீர் குடிக்க நிற்கும் இடம். போர் முடிந்த 2009இல் சரணடைந்த சிறார் போராளிகள் வைக்கப்பட்டிருந்த புனர்வாழ்வு நிலையம் அங்கே இருந்தது. அந்த ஆண்டும் அந்த ஊரும் ஒரே வரியில் வந்தால், கிளிநொச்சிக் கிளையின் ஒரு கடன் பதிவு அந்தப் பெண்ணின் கடந்தகாலத்தையே திறந்து வைத்துவிடும். அந்த வரியில் பெயர் இல்லை, தொலைபேசி இல்லை, இலக்கமும் இல்லை.

பெயர்களைத் தேடி மாற்றும் எந்தக் கருவியும் இந்த வரியைத் தொடாது. தேடுவதற்கும் ஒழுங்கில்லை. ஒரே பெயர் தமிழிலும் சிங்களத்திலும், ஆங்கில எழுத்தில் நாலு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே நான் தேடவில்லை. நிரலை முழுவதுமாக வெறுமையாக்கி, நாங்களே எழுதிய இருநூறு தீங்கற்ற வாக்கியங்களிலிருந்து, உண்மைக் குறிப்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதை இட்டோம். மென்பொருளுக்கு வேண்டியது நீளமும் எழுத்துருவும் மட்டுமே. ஸ்கேன் செய்த அட்டைப் படங்கள், ஒளிப்படங்கள், கையொப்பங்கள் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே வெற்றுப் படத்தை வைத்தோம்.

எண்ணிப் பார்த்தல்

இவ்வளவுக்குப் பிறகும் போதுமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. மாற்றாமல் விட்ட விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, ஒரே மாதிரியான ஆட்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். கிளை, பால், பிறந்த ஆண்டு, மொழி ஆகிய நான்கையும் வைத்து நாங்கள் முதலில் எண்ணினோம்.

```sql
SELECT branch, sex, birth_year, language, count(*)
FROM customer_test
GROUP BY branch, sex, birth_year, language
HAVING count(*) < 5;
```

ஐந்துக்குக் குறைவான கூட்டங்கள் மட்டும் இதில் வரும். வந்த பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. வரக்காப்பொலக் கிளையில் சிங்களம் பேசும் பெண்கள் ஏறக்குறைய எவரும் அதில் இல்லை. தமிழ் பேசுபவர்களோ வரிசையாக ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று நின்றார்கள். வடக்கின் கிளைகளில் அதே கணக்கு தலைகீழாக இருந்தது. பெரும்பான்மையினருக்குக் கூட்டமே மறைப்பு. எண்ணிக்கையில் சிறியவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அந்த மறைப்பு இல்லை. முழுத் தரவுக்கும் ஒரு சராசரி எடுத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் காணவே மாட்டார்கள்.

சிறிய கூட்டங்களை விரிக்க வேண்டும். கிளைக்குப் பதிலாக மாகாணத்தை வைத்தோம். ஆண்டுக்குப் பதிலாகப் பத்தாண்டு இடைவெளியை வைத்து, பொய்யான பிறந்த திகதி அந்த இடைவெளிக்குள் எங்காவது விழும்படி செய்தோம். செய்தி அனுப்பும் மொழியை, பெயரைப் போலவே, எழுந்தமானமாகப் பங்கிட்டோம். அப்படியும் ஐந்துக்குக் கீழே நின்ற பதிவுகளைப் பிரதியிலிருந்தே எடுத்துவிட்டோம். பரீட்சிப்பதற்கு எல்லோரும் தேவையில்லை.

எங்கே செய்வது, எதை இழக்கிறோம்

இந்த வேலை முழுவதும் உண்மைத் தரவு இருக்கும் பக்கத்திலேயே முடிய வேண்டும். உண்மைப் பிரதியை மென்பொருள் எழுதுபவரின் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கே வைத்து மாற்றினால், மாற்றாத பிரதி அவருடைய வன்தட்டிலும் காப்புப் பிரதியிலும் தங்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் தேடியபோது, வேலையை விட்டுப் போனவர் ஒருவரின் மடிக்கணினியில் பழைய முழுப் பிரதி ஒன்று கிடந்தது.

பொய்த் தொலைபேசி இலக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்களை எழுந்தமானமாக உருவாக்கினால், அது யாரோ ஒருவருடைய உண்மையான இலக்கமாக இருக்கக்கூடும். ஆகவே இலக்கத்தை மாற்றியது போதாது. பரீட்சைச் சூழலிலிருந்து வெளியே போகும் குறுஞ்செய்தி இணைப்பைத் துண்டித்து, செய்திகள் ஒரு கோப்பில் மட்டும் எழுதப்படும்படி செய்தோம். பெரியம்மாவுக்கு நேர்ந்ததை அந்த ஒன்று மட்டுமே தடுத்திருக்கும்.

இழப்பும் உண்டு. உண்மைத் தரவின் கோணல்கள் பல இதில் நேராகிவிடும். சில பிழைகள் பிரதியில் வரவே வராது, உண்மையான ஆளிடம் மட்டும் வரும். அப்போது அந்த ஒரு பதிவை, அனுமதியுள்ள ஒருவர் உண்மைத் தளத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது மெதுவான வேலை, மென்பொருள் எழுதுபவர்கள் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பின் கடைசியாக ஒரு பரீட்சை வைத்தேன். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டு, லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு அவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன்: வயது, தோட்டம், கடன் எடுத்த மாதம், தொகை, குழுவில் எத்தனை பேர், யார் பிணை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு முதல் பிரதியில் தேடினேன். பெயர் நீக்கப்பட்டிருந்தும் மூன்றாவது தேடலிலேயே அவர் கிடைத்தார். புதிய பிரதியில் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினேன். வயதுக்குப் பொருந்தியவர்கள் தொகைக்குப் பொருந்தவில்லை, தொகைக்குப் பொருந்தியவர்கள் மாதத்துக்குப் பொருந்தவில்லை. பெரியம்மா கிடைக்கவில்லை.